செக்கு எண்ணெய்த் திட்டம் எந்த இடத்தில் கவிழும்? நிகர தற்போதைய மதிப்பைப் பூஜ்யமாக்கும் மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் வழி

திண்டிவனம் பக்கத்தில் மரச்செக்கு போட நினைத்த ஒருவர் வங்கிக் கடனுக்கான ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்காக என்னிடம் வந்தார். கணக்கெல்லாம் போட்டு முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, எண்ணெய் விக்காம தேங்கிடுச்சுன்னா என்ன ஆகும்?" அவருடைய பயம் முழுக்க விற்பனை அளவில் இருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தபோது, திட்டத்தைக் கவிழ்க்கக்கூடியது வேறு ஒன்று என்று தெரிந்தது. அது எது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எண்களைக் கணக்குக்கு வசதியாக உருட்டியிருக்கிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டால் விடை மாறும், வழி மாறாது.

முதலில் அடிப்படைக் கணக்கு

இரண்டு செக்கு, வடிகட்டி, ஷெட் வேலை, மின் இணைப்பு எல்லாம் சேர்த்து முதலீடு ₹18,00,000. ஐந்து ஆண்டு ஓடும், கடைசியில் விற்றால் ஒன்றும் தேறாது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 20,000 லிட்டர் கடலை எண்ணெய், கடைக்காரருக்கு லிட்டர் ₹340.

ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 2.5 கிலோ நிலக்கடலைப் பருப்பு போகிறது. கிலோ ₹120 என்றால் ₹300. பாட்டில், லேபிள், கரண்ட் சேர்த்து ₹30. செக்கிலிருந்து புண்ணாக்கும் கிடைக்கும். லிட்டருக்கு 1.5 கிலோ, கிலோ ₹40 வீதம் ₹60 வரவு. ஆக ஒரு லிட்டர் விற்றால் கையில் மிஞ்சுவது 340 + 60 − 300 − 30, அதாவது ₹70. விலையிலிருந்து மாறும் செலவைக் கழித்தபின் மிஞ்சும் இந்தத் தொகையைத்தான் கணக்கியலில் பங்களிப்பு என்கிறோம். இந்த ₹70-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்பத் திரும்ப வரும்.

ஆண்டுக்குப் பங்களிப்பு ₹14,00,000. வாடகை, இரண்டு ஆள் சம்பளம், உரிமம், வண்டிச் செலவு என்று விற்றாலும் விற்காவிட்டாலும் போகிற நிலைச் செலவு ₹8,00,000. மீதி ₹6,00,000 ஆண்டுதோறும் கைக்கு வரும்.

பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் ஆண்டு வீதம், அதாவது தள்ளுபடி வீதம், 12%. ஐந்து ஆண்டு முழுக்க ஆண்டுக்கு ஒரு ரூபாய் வந்தால் அதன் இன்றைய மதிப்பு 3.605 ரூபாய். இந்த 3.605-ஐ ஐந்தாண்டுக் காரணி என்று சொல்கிறேன். 6,00,000 × 3.605 = ₹21,63,000. முதலீடு ₹18,00,000 போக, நிகர தற்போதைய மதிப்பு ₹3,63,000. நேர்மறையாக இருக்கிறது, எனவே திட்டத்தை ஏற்கலாம். பல ரிப்போர்ட்கள் இந்த வரியோடு முடிந்துவிடும்.

பூஜ்யமாக்கும் மாற்றம்: ஒரே வகுத்தல்

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். மற்ற எல்லாம் அப்படியே இருக்க, ஒரே ஒரு எண் எவ்வளவு கெட்டால் இந்த ₹3,63,000 காணாமல் போகும்?

விலை 1% குறைந்தால் விற்பனை வரவின் இன்றைய மதிப்பும் 1% குறையும். அந்தக் குறைவு நேராக நிகர மதிப்பில் இறங்கும். அப்படியானால் எத்தனை சதவீதம் குறைந்தால் ₹3,63,000 முழுவதும் கரையும் என்பது வெறும் வகுத்தல் கணக்குதான்:

```
பூஜ்யமாக்கும் மாற்றம் (%) = நிகர தற்போதைய மதிப்பு
    ÷ மாறுகிற வரவு அல்லது செலவின் தற்போதைய மதிப்பு × 100
```

சூத்திரம் எளிது. கீழே எதை வைத்து வகுக்கிறோம் என்பதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள். எனவே ஒவ்வொன்றையும் தனியாகப் பார்ப்போம்.

விற்பனை விலை

விலை மாறினால் எது மாறும்? எண்ணெய் விற்ற வரவு மட்டும். பருப்புச் செலவும் புண்ணாக்கு வரவும் அசையாது. ஆண்டு வரவு 20,000 × 340 = ₹68,00,000. இன்றைய மதிப்பு 68,00,000 × 3.605 = ₹2,45,14,000.

3,63,000 ÷ 2,45,14,000 = 1.48%.

லிட்டருக்கு ₹5.03. அதாவது ₹340 என்பது ₹334.97 ஆனால் திட்டம் பூஜ்யம். கடைக்காரர் "அஞ்சு ரூபா குறைச்சுக்கோங்க" என்று கேட்டு நாம் ஐந்து ஆண்டும் தலையாட்டினால் முடிந்தது கதை.

விற்பனை அளவு

இங்கேதான் தவறு அதிகம் நடக்கிறது. அளவு குறைந்தால் விற்பனை வரவு மட்டும் குறையாது. ஆட்டாத லிட்டருக்குப் பருப்பு வாங்க மாட்டோம், பாட்டில் வாங்க மாட்டோம், புண்ணாக்கும் வராது. எனவே கீழே வர வேண்டியது பங்களிப்பின் இன்றைய மதிப்பு: 14,00,000 × 3.605 = ₹50,47,000.

3,63,000 ÷ 50,47,000 = 7.19%.

20,000 லிட்டர் 18,562-ஆகக் குறையலாம். ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினால், நாளுக்கு 67 லிட்டருக்குப் பதில் 62 லிட்டர்.

இரண்டு விதமாகத் தவறு செய்யலாம். கீழே மொத்த விற்பனை வரவைப் போட்டால் 1.48% வரும், அது விலைக்கான விடை. நிலைச் செலவையும் கழித்துவிட்டு ₹21,63,000-ஐப் போட்டால் 16.78% வரும். இது ஆபத்தான தவறு, ஏனென்றால் இருப்பதைவிட இரண்டு மடங்கு தைரியம் கொடுக்கிறது. விற்பனை குறைந்தால் வாடகையும் அதே அளவு குறையும் என்று அது சொல்கிறது. எந்த ஊரிலும் வீட்டுக்காரர் அப்படி விட்டுக்கொடுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

விடை சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. புது எண்ணைப் போட்டுத் திரும்பக் கணக்குப் போடுங்கள். 18,562 × 70 = ₹12,99,340. நிலைச் செலவு போக ₹4,99,340. அதை 3.605-ஆல் பெருக்கினால் ₹18,00,120. முதலீட்டுக்குச் சமம், எனவே சரி. 16.78% குறைத்துப் பார்த்தால் நிகர மதிப்பு கிட்டத்தட்ட ₹4.8 லட்சம் குறையாக நிற்கும்.

செலவுகள்

செலவுக்கும் இதே வழிதான், ஏற்றம் என்று படிக்க வேண்டும், அவ்வளவுதான். பருப்புச் செலவு ஆண்டுக்கு ₹60,00,000, இன்றைய மதிப்பு ₹2,16,30,000. வகுத்தால் 1.68%. கிலோ ₹120 என்பது ₹122.01 ஆகும்போது திட்டம் பூஜ்யம். கிலோவுக்கு இரண்டே ரூபாய்!

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம்.

| எது மாறுகிறது | எதுவரை தாங்கும் | மாற்றம் |
|---|---|---|
| விற்பனை விலை, லிட்டர் ₹340 | ₹334.97 | −1.48% |
| பருப்பு விலை, கிலோ ₹120 | ₹122.01 | +1.68% |
| விற்பனை அளவு, 20,000 லிட்டர் | 18,562 லிட்டர் | −7.19% |
| புண்ணாக்கு விலை, கிலோ ₹40 | ₹36.64 | −8.39% |
| நிலைச் செலவு, ₹8,00,000 | ₹9,00,693 | +12.59% |
| பாட்டில், கரண்ட், லிட்டருக்கு ₹30 | ₹35.03 | +16.78% |
| முதலீடு, ₹18,00,000 | ₹21,63,000 | +20.17% |

சதவீதம் சின்னதாக இருந்தால் திட்டம் அந்த எண்ணுக்கு அதிகம் ஆடும் என்று பொருள். புதிதாகப் படிக்கிறவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது வழக்கம். 20% என்றால் "அதிக உணர்திறன்" என்று எழுதிவிடுவார்கள். 20% என்பது அவ்வளவு தூரம் தாங்கும் என்பது.

தள்ளுபடி வீதத்துக்கு வகுத்தல் உதவாது. 18,00,000 ÷ 6,00,000 = 3.0 என்ற காரணி எந்த வீதத்தில் வருகிறது என்று தேட வேண்டும். 19%-இல் 3.058, 20%-இல் 2.991. இடையில் ஏறக்குறைய 19.9%. 12% வட்டி அந்த அளவுக்கு ஏறாது என்பதால், வட்டியைப் பற்றி அவரை நான் கவலைப்பட விடவில்லை.

அட்டவணையில் இல்லாத ஆள்: எண்ணெய் இறங்கும் அளவு

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் "ஒரு லிட்டருக்கு 2.5 கிலோ" என்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அது 100 கிலோ பருப்புக்கு 40 லிட்டர் என்ற அனுமானம். நிலக்கடலைப் பருப்பில் கிட்டத்தட்டப் பாதி எடை எண்ணெய்தான். மரச்செக்கு அதை முழுவதும் பிழிந்துவிடாது, மிச்சம் புண்ணாக்கில் தங்கும். மாட்டுக்காரர்கள் செக்குப் புண்ணாக்கை விரும்பி வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். பருப்பு காயாமல் ஈரமாக வந்தாலோ, பொக்கும் சொத்தையும் கலந்திருந்தாலோ, இறங்கும் எண்ணெய் குறையும்.

எவ்வளவு குறையலாம்? லிட்டருக்குக் கூடுதலாகப் போகும் ஒவ்வொரு கிலோ பருப்புக்கும் ₹120 செலவு. அந்தக் கிலோ புண்ணாக்காக வெளியே வந்து ₹40 தரும். நிகர இழப்பு ₹80. நமக்கு லிட்டருக்கு இருக்கும் தாங்குதிறன் ₹5.03. எனவே 5.03 ÷ 80 = 0.063 கிலோ. 2.5 கிலோ 2.563 கிலோ ஆகலாம். 100 கிலோவுக்குத் திருப்பிப் போட்டால் 39 லிட்டர்.

குவிண்டாலுக்கு ஒரு லிட்டர் எண்ணெய் குறைந்தால் திட்டத்தின் மதிப்பு முழுவதும் போய்விடும். இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அது மூட்டைக்கு மூட்டை மாறுமே தம்பி" என்றார். மாறும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதன் விலை மட்டும் தெரியாமல் இருந்தது.

சதவீதத்தை எதோடு ஒப்பிடுவது

1.48% என்ற விலையும் 1.68% என்ற பருப்பும் பயமுறுத்தும். ஆனால் சதவீதம் பாதிக் கதைதான். அந்த எண் நிஜத்தில் எவ்வளவு ஆடும் என்பது மீதி. பாட்டில் விலை 16.78% தாங்கும். ஆனால் அது ஒரே ஆண்டில் 20% ஏறக்கூடியது என்றால் அதையும் ஆபத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்குக் கையெழுத்தாகிவிட்டது என்றால் அதுவரை வாடகையைத் தொட வேண்டாம். பருப்பு விலையோ அறுவடைக்கும் அடுத்த அறுவடைக்கும் இடையில் கிலோவுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் சாதாரணமாக ஆடும். மார்க்கெட் கமிட்டி ஏலத்துக்குப் போய் வந்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்து, "மற்ற எல்லாம் அப்படியே இருக்க" என்ற நிபந்தனை. பருப்பு விலை ஏறினால் எண்ணெய் விலையும் ஏறும், கொஞ்சம் தாமதமாக. கிலோவுக்கு ₹10 ஏறினால் லிட்டருக்குச் செலவு ₹25 கூடும். விலையை ₹365 ஆக்க முடிந்தால் ஒன்றும் ஆகாது. எனவே இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதைவிட, லிட்டர் விலைக்கும் அதற்கான பருப்பு விலைக்கும் உள்ள இடைவெளியாகப் பார்ப்பது மேல். இன்று அந்த இடைவெளி ₹40. அது ₹35-க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் திட்டம் நஷ்டம். இந்த ஒரு எண்ணை வாரம் ஒருமுறை நோட்டில் எழுதி வைக்கலாம்.

சின்ன மாற்றங்கள் சேர்ந்து வரும்போதும் கவனம் வேண்டும். பருப்பு 1% ஏறி, விலை 1% இறங்கினால், தனித்தனியாக இரண்டும் எல்லைக்குள்தான். ஆனால் லிட்டருக்கு ₹3.00 + ₹3.40 = ₹6.40 போகிறது, தாங்குவதோ ₹5.03.

விலையும் அளவும் எதிரெதிராக இழுக்கும். முதலீட்டைத் திரும்ப எடுக்க ஆண்டுக்குத் தேவையான பங்களிப்பு 8,00,000 + (18,00,000 ÷ 3.605) = ₹12,99,307. இதை லிட்டர் பங்களிப்பால் வகுத்தால் எந்த விலைக்கு எத்தனை லிட்டர் விற்றால் பூஜ்யம் என்று வரும். ₹330 என்றால் 21,655 லிட்டர். ₹340 என்றால் 18,562. ₹350 என்றால் 16,241. பத்து ரூபாய் குறைத்து "அதிகம் விற்போம்" என்று நினைத்தால், பூஜ்யத்துக்கே திட்டமிட்டதைவிட 1,655 லிட்டர் கூடுதலாக விற்க வேண்டும். பத்து ரூபாய் கூட்டினால் 18.8% வாடிக்கையை இழந்தும் பிழைக்கலாம்.

முதல் ஆண்டு மட்டும் சரிந்தால்

மேலே வந்த சதவீதம் எல்லாம் ஐந்து ஆண்டும் ஒரே அளவு கெடும் என்று எடுத்துக்கொண்டவை. புது எண்ணெய்க்கு முதல் ஆண்டில்தான் விற்பனை குறையும். முதல் ஆண்டின் காரணி 0.893. 3,63,000 ÷ 0.893 = கிட்டத்தட்ட ₹4,06,500. ₹70-ஆல் வகுத்தால் 5,807 லிட்டர். முதல் ஆண்டு மட்டும் என்றால் 29% குறைவு வரை தாங்கும். அவர் பயந்தபடி பாதிதான் விற்றது என்றால் ₹7,00,000 × 0.893 = ₹6,25,100 போய், நிகர மதிப்பு ₹2,62,100 குறையாகும். ஆக அவர் பயத்திலும் உண்மை இருந்தது, ஆனால் முதல் ஆண்டோடு அதற்கு எல்லை உண்டு.

எக்செல்லில் போடும்போது

ஆண்டுக்கு ஆண்டு எண்கள் மாறினால் வகுத்தல் கடினமாகும், அப்போது எக்செல் வசதி. விலை, அளவு, பருப்பு விலை, எல்லாவற்றுக்கும் தனித்தனி செல். எந்தச் சூத்திரத்துக்குள்ளும் எண்ணை நேராகத் தட்டாதீர்கள்.

```
B1 340      விலை
B2 20000    லிட்டர்
B3 120      பருப்பு, கிலோ
B4 2.5      கிலோ / லிட்டர்
B5 60       புண்ணாக்கு வரவு / லிட்டர்
B6 30       பாட்டில், கரண்ட் / லிட்டர்
B7 800000   நிலைச் செலவு
B8 1800000  முதலீடு
B9 =B2*(B1+B5-B3*B4-B6)-B7
B10 =PV(B11,B12,-B9)-B8
B11 12%     தள்ளுபடி வீதம்
B12 5       ஆண்டுகள்
```

B10-இல் 3,62,866 வரும். காரணியை மூன்று தசமத்தோடு நிறுத்தியதால்தான் அந்தச் சின்ன வித்தியாசம். பிறகு Data → What-If Analysis → Goal Seek. Set cell-இல் B10, To value-இல் 0, By changing cell-இல் B1. விலை ஏறக்குறைய 334.97 என்று காட்டும். ஒன்றைப் பார்த்தபின் பழைய எண்ணுக்குத் திருப்பிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இதை மறந்து ஏற்கெனவே பூஜ்யமான கணக்கின் மேல் Goal Seek ஓட்டி, "எல்லாம் 0% மாற்றம்" என்று கொண்டு வந்தவர்கள் உண்டு. இன்னொன்று: தொகையைக் கோடியில் வைக்காதீர்கள். இலக்குக்கு 0.001 வரை நெருங்கினால் Goal Seek நின்றுவிடும். கோடியில் அது ₹10,000.

NPV( ) சூத்திரத்தைப் பயன்படுத்தினால், இன்று போடும் முதலீட்டை அடைப்புக்குள் சேர்க்க வேண்டாம். உள்ளே போட்டால் அதையும் ஓராண்டு தள்ளிவிடும். வெளியே கழியுங்கள்.

இந்தக் கணக்கில் வருமான வரியையும், அறுவடையில் பருப்பு வாங்கிக் குவிக்க முடங்கும் பணத்தையும் சேர்க்கவில்லை. வரி சேர்த்தால் மேலே வரிக்குப் பிந்தைய நிகர மதிப்பு, கீழேயும் வரிக்குப் பிந்தைய வரவு செலவு இருக்க வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கலந்தால் விடை பொய்யாகும்.

அவர் கடைசியில் மாற்றியது

இந்த எண்களைப் பார்த்தபின், இரண்டு செக்கும் நாள் முழுக்க ஓடாத நேரத்தில் ஊர்க்காரர்களின் பருப்பைக் கூலிக்கு ஆட்டித் தருவது என்று முடிவு செய்தார். கிலோவுக்கு ₹15 கூலி, கரண்ட் ₹3 போக ₹12. எண்ணெயும் புண்ணாக்கும் கொண்டு வந்தவருக்கே. பருப்பு என்ன விலை விற்றாலும், மூட்டைக்கு எவ்வளவு இறங்கினாலும், அந்தக் கூலி மாறாது. ஆண்டுக்கு 15,000 கிலோ வந்தால் ₹1,80,000. இன்றைய மதிப்பு ₹6,48,900. நிகர மதிப்பு ₹10,11,900 ஆகிறது. பருப்பு கிலோவுக்கு ₹2.01 ஏறினால் கவிழ்ந்துகொண்டிருந்த திட்டம் இப்போது ₹5.61 வரை தாங்கும். லிட்டர் விலையில் ₹14.03 வரை இறங்கிக் கொடுக்கலாம். செக்குக்குப் பக்கத்தில் ஒரு தராசு வைத்து, மூட்டைக்கு மூட்டை எவ்வளவு எண்ணெய் இறங்கியது என்று எழுதவும் ஆரம்பித்திருக்கிறார். 39 என்ற எண்ணைச் சுவரில் கரியால் பெரிதாக எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார்.